ஒரே சூரியகாந்தி, இரண்டு கண்கள்

சூரியகாந்தியின் ஓர இதழ் நமக்கு அடி முதல் நுனி வரை ஒரே மஞ்சள். தேனீக்கோ அது இரண்டு நிறம். நுனி புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அடியில் மண்டியிருக்கும் ஃபிளேவனால் சேர்மங்கள் அதை உறிஞ்சிவிடுகின்றன. இதழ்கள் சேரும்போது நடுவைச் சுற்றி ஒரு வளையம் தெரிகிறது. மகரந்தமும் தேனும் அதற்குள்தான்.

சரி, நமக்கு ஏன் தெரியவில்லை? நிற உணர்வி வகைகள் இருவருக்கும் மூன்றுதான். நம்முடையவை நீலம், பச்சை, சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. தேனீயிடம் நீலமும் பச்சையும் உண்டு. மூன்றாவது, 344 நானோமீட்டர் அருகே உச்சம் காணும் புற ஊதா உணர்வி. சிவப்பைத் தேனீ சரியாகக் காணாது.

நம்மிடம் இன்னொரு தடையும் உண்டு. 400 நானோமீட்டருக்குக் கீழான ஒளியில் பெரும்பகுதியை விழிவில்லையே வடிகட்டிவிடும். கண்புரை சிகிச்சையில் வில்லையை எடுத்துவிட்டு மாற்று வைக்காத சிலருக்கு அந்த ஒளி வெளிறிய நீலமாகத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அது தேனீயின் பார்வை ஆகாது. தனி உணர்வி இல்லாததால், இருக்கும் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் தூண்டப்படுகின்றன, அவ்வளவுதான்.

கூர்மையில் மட்டும் நாம்தான் வெகுதூரம் முன்னே. தேனீயின் கூட்டுக்கண்ணுக்கு உலகம் பெரிய புள்ளிகளால் ஆன படம். அந்த வளையமே பூவுக்குக் கிட்டே வந்த பிறகுதான் பிரிந்து தெரியும். தூரத்திலிருந்து தேனீயை வரவழைப்பது மணமும் பூவின் மொத்த நிறமும். இறங்கிய பிறகு எங்கே போவது என்பதற்குத்தான் வளையம்.