டெண்டரை ஆங்கிலமாக்க யாரிடம் கொடுப்பது: சொந்தப் பொறியாளரிடமா, மொழிபெயர்ப்பு நிறுவனத்திடமா?

கோயம்புத்தூரில் நீர்மூழ்கி பம்பு செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று, கென்யாவில் நடக்கும் குடிநீர்த் திட்டத்துக்கு ஒப்பந்தப்புள்ளி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் எழுதிய நாற்பது பக்கத் தொழில்நுட்பக் குறிப்பு தமிழில் இருக்கிறது. அதை ஆங்கிலமாக்க வேண்டும். திட்டத்துக்கு உலக வங்கிப் பணம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: வேறு மொழி ஆவணத்தோடு மொழிபெயர்ப்பை இணைக்கலாம், ஆனால் பொருள் கொள்ளும்போது மொழிபெயர்ப்பே செல்லும் என்று அதன் மாதிரி ஒப்பந்தப்புள்ளி விதிகள் சொல்கின்றன. மூலத்தில் சரியாகத்தான் இருந்தது என்று பிறகு வாதாட முடியாது.

முதலில் மொழிபெயர்ப்பு நிறுவனம். வாரண்டி, அபராதம், பொறுப்பு வரம்பு போன்ற பகுதிகளில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 சான்று பெற்றவர்கள் என்றால், ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது கட்டாயம். தடுமாற்றம் தொடங்குவது விவர அட்டவணையில். ‘7.5 குதிரைத்திறன்’ என்பதைக் கணக்குப் போட்டு 5.59 கிலோவாட் என்று மாற்றுவார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருப்பது 5.5 கிலோவாட், உலகம் முழுவதும் அந்த அளவு மோட்டாருக்கு அதுதான் வழக்கமான மதிப்பீடு. வாங்குபவரின் பொறியாளர் ஆவணத்தில் 5.59, கேட்டலாக்கில் 5.5 என்று பார்த்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார். இரண்டும் வேறு மோட்டார் என்றே முடிவு கட்டினாலும் வியப்பதற்கில்லை.

நிறுவனத்தின் சொந்தப் பொறியாளர் இந்தப் பள்ளத்தில் விழமாட்டார். அவர் கை தானாகவே 5.5 என்று எழுதும். அவருடைய ஆபத்து வேறு: தெரிந்த விஷயத்தைச் சுருக்கிவிடுவார். மூலத்தில் ‘60 மீட்டர் ஹெட்டில் வினாடிக்கு 5 லிட்டருக்குக் குறையாமல்’ என்று இருக்கும். அவர் எண்களை மட்டும் எழுதிவிட்டுக் ‘குறையாமல்’ என்பதை விட்டுவிடுவார். எண் இருக்கிறதே, போதாதா? போதாது. பம்பு சோதனைக்கான ஐஎஸ்ஓ 9906 தரத்தில், 2பி பிரிவின்படி நீரோட்டம் 8 சதவீதம் வரை குறைய இடம் உண்டு. அந்தச் சொல் இல்லாவிட்டால் 4.6 லிட்டர் தரும் பம்பும் தேறிவிடும், இருந்தால் தேறாது. வாங்குபவர் கேட்டது குறைந்தபட்ச அளவு என்றால், சொல் விடுபட்ட வரியே நிராகரிக்கப் போதுமான காரணம். இந்தப் பிழையைப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் எண்கள் எல்லாம் ஒத்துப்போகும்.

தேதிகளில் இருவருமே வழுக்குவார்கள். 05.06.2026 என்று எழுதினால் அதை மே 6 என்று படிப்பவரும் உண்டு. மாதத்தை எழுத்தில் எழுதினால் பிரச்சினை தீரும். அதைவிடச் சூழ்ச்சியானது ‘ஜூன் 5-க்கு முன் கப்பலேற்றப்படும்’ என்ற வரி. நம் வழக்கில் 5-ஆம் தேதியையும் சேர்த்தே இப்படிச் சொல்பவர்கள் பலர். ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’ என்று போய், அதுவே வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் கடிதத்திலும் ஏறிவிட்டால், அத்தகைய கடிதங்களுக்கான யுசிபி 600 விதிகளின் 3-ஆவது பிரிவுப்படி 5-ஆம் தேதி கணக்கில் வராது. 4-ஆம் தேதியே கடைசி. 5-ஆம் தேதியிட்ட கப்பல் ரசீதை வங்கி முரண் என்று திருப்பும். ‘கடைசி நாள்: 5 ஜூன் 2026, அந்நாள் உட்பட’ என்று மூலத்திலேயே திருத்திவிடுவது நல்லது. ‘30 நாட்களுக்குள்’ என்பதற்கும் இதே கதிதான்: ஆர்டர் தேதியிலிருந்தா, வரைபடம் ஒப்புதல் ஆன நாளிலிருந்தா என்று தமிழிலேயே தீர்க்காவிட்டால் ஆங்கிலம் தீர்க்காது.

மூன்றாவது வழி இரண்டையும் பிரித்துச் சேர்ப்பது. நான் ஆதரிப்பது இதைத்தான். மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே பொறியாளர் எண், அலகு, ‘குறையாமல்’ அல்லது ‘மிகாமல்’, தேதி ஆகியவற்றை ஓர் அட்டவணையில் வரிசை எண்ணோடு ஆங்கிலத்திலேயே எழுதிப் பூட்டிவிடுகிறார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தொடுவதில்லை. உரைநடையில் எண் வரும் இடத்தில் அட்டவணை வரிசையை மட்டும் சுட்டுகிறார். முடிவில் இருவர் உட்கார்ந்து, ஒருவர் தமிழ்ப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் ஆங்கிலப் பிரதியில் விரல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். உரக்கப் படிப்பதால்தான் விடுபட்ட ‘குறையாமல்’ காதில் இடறும். செலவும் நேரமும் கூடுதல்; பொறியாளரை உற்பத்தியிலிருந்து பிடுங்கவும் வேண்டியிருக்கும்.

இரண்டு பக்க விலைப்புள்ளிக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை, பொறியாளரே எழுதி, இன்னொருவர் எண்களைச் சரிபார்த்தால் போதும். அவகாசம் மிகக் குறைவு என்றால் சட்டப் பகுதியை மட்டும் வெளியே அனுப்பி, அட்டவணையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்: அட்டவணை கடினம் என்று பயந்து அதை வெளியே கொடுத்துவிட்டு, வாரண்டியைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.