நாலு வருட எலைசா: நேர்கோட்டை விட்டு வளைகோட்டுக்கு வந்த கதை

திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் நாலு வருடமாக எலைசா செய்கிறேன், அதாவது தட்டின் சிறு குழிகளில் பிறபொருளெதிரியும் நொதியும் கொண்டு வரும் நிறத்தை வைத்து ஒரு பொருளை அளக்கிறேன். குருதிச் சீரத்தில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தை அளக்க சான்ட்விச் முறை, நோய்க்கெதிரான பிறபொருளெதிரி பார்க்க இன்டிரெக்ட் முறை.

இன்டிரெக்டில் அன்டிஜனைத் தட்டில் ஒட்டி, சீரத்திலுள்ள பிறபொருளெதிரியை அதன்மேல் பிடித்து, நொதி பூட்டிய இரண்டாவது பிறபொருளெதிரியால் காட்டுவோம். ஐஎல்-6ஐ அப்படி அளக்க முடியாது. சீரத்தை நேரே ஒட்டினால் அல்புமின் போன்ற புரதங்களே குழியின் இடத்தை நிரப்பிவிடும். சான்ட்விச்சில் தட்டில் முதலே ஒட்டிய பிறபொருளெதிரி அதை மட்டும் பிடித்து வைக்கும், இன்னொன்று வேறு பக்கத்தில் வந்து ஒட்டும்.

முதல் வருடம் நான் விட்ட பிழை கணக்கில்தான். செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை 1000இலிருந்து பாதி பாதியாக 15.6 பிகோகிராம்/மில்லி வரை ஐதாக்கி, வெறுங்குழியையும் சேர்த்து எக்செல்லில் நேர்கோடு போட்டேன். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் R² 0.92 வந்தது, சரி என்று விட்டேன். ஒரு மாதிரியின் நிற அடர்த்தி, அதாவது OD, 0.30 காட்டியது, கோடு அதன் செறிவு 13 என்றது. அப்போது மேற்பார்த்த அக்கா, "தம்பி, நியமங்களையே அந்தக் கோட்டில் திருப்பி வாசியுங்கோ" என்றார். 31.25 போட்ட குழி (OD 0.236) மைனஸ் 19 என்று வந்தது! உயர்ந்த செறிவுகள் கோட்டை இழுத்துப் பிடித்ததில், கீழ்ப்பகுதி முழுதும் கெட்டிருந்தது.

குழியில் ஒட்டும் இடங்கள் நிரம்ப நிரம்ப நிறம் கூடுவது தேங்கும், அதனால் வரைபு வளையும்; செறிவை மடக்கை அளவில் போட்டால் S வடிவில் வரும். அதற்கு நாலு மாறிகளுள்ள வளைகோடு:

```
y = d + (a - d) / (1 + (x/c)^b)
x = c * ((a - d)/(y - d) - 1)^(1/b)
```

x செறிவு, y OD, a வெறுங்குழி, d உச்சம், c நடுப்புள்ளி, b சரிவு. எனக்கு a 0.06, d 3.06, c 500, b 1 வந்தது. அதே 0.30ஐ வைத்தால் 43.5. 13க்கும் 43.5க்கும் இடையில் ஒரு நோயாளியைப் பற்றிய முடிவே மாறிவிடும். இப்போது R²ஐ நம்புவதில்லை. நியமங்களைத் திருப்பி வாசித்து, போட்ட செறிவுக்கு 20 வீதத்துக்குள் வராத புள்ளி இருந்தால் அந்தப் பகுதியில் மாதிரி வாசிப்பதில்லை.

இன்டிரெக்டிலும் இதே வளைகோடுதான், ஆனால் நியமம் பெரும்பாலும் ஒப்பிடுவதற்கென்று வைத்த ஒரு சீரம். விடை 'அலகு' தான், பிகோகிராம் என்று எழுதிவிடக் கூடாது.

இங்கத்தைய வெயிலில் இன்னொன்று: குளிரூட்டியிலிருந்து எடுத்த தட்டை உடனே பயன்படுத்தினால் ஓரக் குழிகள் முதலில் சூடாகி நிறம் கூடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டே தொடங்குகிறேன்.

மேல் நியமத்தின் OD 2.06. போன மாதம் ஒரு மாதிரி 2.5 காட்டியது. வளைகோட்டை நீட்டி வாசிக்காமல் ஐதாக்கினேன். 10 மடங்கில் OD 1.26, அதாவது 333, பெருக்கினால் 3330. 20 மடங்கில் OD 0.80, அதாவது 164, பெருக்கினால் 3280. இரண்டும் ஒத்துப்போனதால்தான் அந்த விடையைக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.