பரண் கொட்டகை என்ற பெயரில் 2,70,000 ரூபாயை விழுங்கிவிட்டான்: மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவர்கள் படித்துவிடுங்கள்

வெளியே இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது. கொட்டகையில் குட்டிகள் இருமும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அடங்கினால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஏற்காடு மலையின் அடிவாரத்தில் எங்கள் தோட்டம். சேலம் கருப்பும் தலைச்சேரியுமாக இருபது பெட்டை ஆடுகள், ஒரு கிடா, அவற்றின் குட்டிகள். மண் தரைக் கொட்டகையில் ஒவ்வொரு மழைக்கும் குளம்பு அழுகல், கழிச்சல் என்று பட்டது போதும் என்று, தரையைவிட்டு உயரத்தில் இடுக்கு விட்ட மரச் சட்டத் தளமாகப் பரண் போட முடிவு செய்தோம். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துப் பணம் எடுத்தோம். கொட்டகை கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் காணொளி பார்த்துப் பிடித்தோம். அவரும் பெயர் வேண்டாம், அந்தக் காணொளிப் பக்கமும் பெயர் வேண்டாம். ஆடு வளர்ப்பு பற்றிப் படம் போடும் பக்கம், இடையில் இவரைப் போன்றவர்களின் கைபேசி எண்ணையும் போடும். அவ்வளவு போதும்.

30 அடி நீளம், 12 அடி அகலம், மொத்தம் 360 சதுர அடி. சதுர அடிக்கு 750 ரூபாய். ஆக 2,70,000 ரூபாய். முன்பணம் 1,50,000, கூரை ஏறியதும் 80,000, முடிந்ததும் 40,000. ஒரு ரூபாய் பாக்கி இல்லாமல் கொடுத்தாயிற்று.

எதை நம்பிக் கொடுத்தோம் என்பதைச் சொல்கிறேன். அவர் வந்ததும் வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை, நேராக ஆட்டிடம் போனார். ஒரு பெட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்து "நாலு பல் போட்டிருக்கிறது, அடுத்த ஈற்றில் இரட்டைக் குட்டி போடும்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு மாதிரிச் சட்டத்தை எடுத்தார். மேற்புறம் தட்டையாக, இரண்டு ஓரமும் கீழ்நோக்கி உள்ளே சீவப்பட்டு, மேலே அகலமும் கீழே குறுகலுமாக இருந்தது. அப்படி இரண்டு சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டுப் பிடித்து, தரையில் கிடந்த புழுக்கையை ஒரு கை அள்ளி மேலே கொட்டினார். கையால் லேசாகத் தேய்த்ததும் எல்லாம் கீழே விழுந்துவிட்டது. "அக்கா, மேலே இடுக்கில் நுழைந்த புழுக்கை கீழே போகப் போக இடம் அதிகம். எங்கேயும் சிக்காது. இந்தச் சீவல்தான் விஷயம், இதைத் தெரியாதவன் பரண் போடவே கூடாது" என்றார். அரை அங்குலம் என்றால் குட்டியின் குளம்பும் இறங்காது என்றார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அதுதான் எரிச்சல். தெரியாமல் செய்தவன் என்றால் மன்னித்துவிடலாம்.

வந்து இறங்கியது சீவல் இல்லாத நேர்ச் சட்டம். அதுவும் ஒன்றரை அங்குல கனம். கேட்டதற்கு, "அது காட்டுவதற்குச் செய்தது அக்கா, எல்லாம் அதே மரம்தான்" என்றார். காய்ந்த காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஈரத்தில் புழுக்கை ஊதி இடுக்கின் நடுவே அடைத்துக்கொள்கிறது. மேலே அதன்மேல் மூத்திரம் நிற்கிறது. பரண் ஏறியும் ஆடு ஈரத்திலேயே படுக்கிறது. ஒரு கம்பியை வைத்துக்கொண்டு காலையில் ஒவ்வோர் இடுக்காகக் குத்திக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது உயரம். பேச்சு 5 அடி, போட்டது 3 அடி. பார்க்க உயரமாகத்தான் தெரியும், ஆனால் பரணின் கீழே ஆள் குனிந்து போய் எருவை வாரி வெளியே தள்ள வேண்டும். 3 அடியில் தவழ்ந்துதான் போக முடியும், அதனால் யாரும் போவதில்லை. அது போதாதென்று பாம்பும் நாயும் வராமல் இருக்கட்டும் என்று கீழே சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார். நாய்க்குக் கம்பி வலை போதும். தகரம் காற்றை அடைத்துவிடும். கீழே உள்ள மண்ணைச் சுற்றுப்புறத்தைவிட அரை அடி மேடாக்கி, ஒரு பக்கம் சரிவு கொடுத்து, ஓரத்தில் வாய்க்கால் எடுத்திருந்தால் மூத்திரம் ஓடிவிடும், புழுக்கை உலரும். இவர் மண்ணைத் தொடவே இல்லை. மலைச் சரிவிலிருந்து வரும் தண்ணீர் நேராகப் பரணுக்குக் கீழே போய் நின்றது. புழுக்கையும் மூத்திரமும் சேற்றில் ஊறினால் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா வாயு கிளம்பும். பக்கவாட்டில் போக வழியில்லை என்றால் அது எங்கே போகும்? சட்ட இடுக்கு வழியாக மேலே, ஆட்டின் மூக்குக்கு.

இங்கே ஆவணி, புரட்டாசியிலேயே சாயங்கால இடிமழை தொடங்கிவிடும். ஐப்பசி பிறந்தால் கிழக்கேயிருந்து வரும் கொண்டல் காற்றோடு சாரல். நீளப் பக்கம் வடக்கும் தெற்குமாகப் பார்க்க, கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிப் போட வேண்டும் என்று நானே சொன்னேன். சாலையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும், படம் எடுக்கவும் வசதி என்று வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டார். 30 அடிப் பக்கம் முழுவதும் கிழக்கே பார்க்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்து, "கொண்டல் காற்றுக்கு முதுகைக் காட்டாமல் நெஞ்சைக் காட்டி நிற்கிறதே தாயி" என்றார்.

அதோடு பக்கத் தடுப்பைத் தாண்டி வெளியே நீளும் கூரைச் சாய்ப்பு வெறும் ஒரு அடி. பரண் தரையிலிருந்து மூன்றரை அடி வரை தடுப்பு, அதற்கு மேல் 4 அடி திறப்பு, பிறகு கூரையின் ஓரம். சாரல் மழை ஓரடி இறங்கும்போது அரை அடிக்குச் சற்று அதிகமாக உள்ளே சாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரடிச் சாய்ப்பு திறப்பின் மேல் பகுதியில் ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமாகத்தான் மறைக்கும். மீதி வழியாக மழை உள்ளே வரும். கிட்டத்தட்ட ஆறடி உயரத்தில் நுழையும் துளி, பரணில் விழும்போது மூன்றரை அடி உள்ளே போயிருக்கும். 12 அடி அகலத்தில் கால் பங்குக்கு மேல் நனைந்தாயிற்று. அதே இடத்தில் 3 அடிச் சாய்ப்பு இருந்திருந்தால் 5 அடி வரை மறைத்திருக்கும், 4 அடித் திறப்புக்குள் துளிகூட வராது. இரண்டு அடித் தகரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்.

முதல் சாரலில் கூப்பிட்டேன். மழை விட்டதும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மழை விட்டது, ஆள் வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் ஆயுத பூஜை, ஆட்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் இரண்டு பையன்கள் வந்தார்கள். சாய்ப்பை நீட்டுவார்கள் என்று பார்த்தால், கிழக்குத் திறப்பு முழுவதையும் தகரத்தால் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குத் தனியாக 14,000 ரூபாய்! 2,70,000 கொடுத்தவளிடம் 14,000 தனிப் பில்!

மழை நின்றது உண்மைதான். காற்றும் நின்றது. கீழே தகரம், கிழக்கே தகரம், கூரை முகட்டிலும் இடைவெளி விடாமல் மடித்து மூடியிருக்கிறார். அரை அடி இடைவெளி விட்டு அதன்மேல் ஒரு தொப்பித் தகரம் போட்டிருந்தால் சூடான ஈரக் காற்று மேலே போயிருக்கும். இப்போது இரவில் கூரைத் தகரம் குளிர்ந்ததும் ஆடுகள் விடும் மூச்சு அதன் அடியில் நீராகக் கோத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக முதுகில் விழுகிறது. வெளியே வெயில் அடிக்கும் நாளிலும் உள்ளே மழை.

மூன்று குட்டிகள் போய்விட்டன. கால்நடை மருத்துவர் வந்தவர் ஊசியை எடுப்பதற்கு முன்பு என்னைப் பரண்மேல் மண்டியிடச் சொன்னார். நின்றால் அவ்வளவு நாற்றம் இல்லை. குட்டியின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு முகத்தை இறக்கியதும் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. "இதைத்தான் ராத்திரி முழுவதும் இழுக்கின்றன, சளிக்காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? மருந்து தருகிறேன், ஆனால் அந்தத் தகரத்தைக் கழற்றாமல் மருந்து வேலை செய்யாது" என்றார்.

அதை ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன். அவர் பதில்: "உங்கள் ஆடுகள் அதிகமாக மூத்திரம் விடுகின்றன அக்கா, பச்சைத் தீவனத்தைக் குறையுங்கள்." 2,70,000 ரூபாய் வாங்கிவிட்டு என் ஆடு மூத்திரம் விடக் கூடாது என்கிறார். அதன் பிறகு என் எண்ணைக் கண்டால் எடுப்பதில்லை. வீட்டுக்காரர் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது எடுத்து, "எழுதிக் கையெழுத்துப் போட்டதா ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருப்பது நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவர் பென்சிலால் வரைந்த படம் மட்டும். அதில் 5 அடி என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறது, கையெழுத்து இல்லை. காணொளிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். விளம்பரம் மட்டும்தான் தங்கள் பொறுப்பு, வேலைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டு வரி. கருத்துப் பகுதியில் நான் எழுதியதை மறுநாள் காணவில்லை.

பரண் போட நினைப்பவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இதற்கு மேல் பொறுமை இல்லை. கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பரணுக்குக் கீழே நீங்களே குனிந்து ஒரு சுற்று நடந்து பாருங்கள், நடக்க முடியாவிட்டால் கொடுக்காதீர்கள். சட்டத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள், ஓரம் சீவியிருக்க வேண்டும். கீழே எந்தக் காரணம் சொன்னாலும் தகரம் அடிக்க விடாதீர்கள். சாய்ப்பு 3 அடிக்குக் குறைந்தால் கூரை ஏற்றவே சம்மதிக்காதீர்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பங்கை முதல் மழை முடியும் வரை கையில் வைத்துக்கொள்வதாக முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

நாளைக் காலையில் வாழப்பாடியிலிருந்து ஒரு வெல்டர் வருகிறார். கீழ்த் தகரத்தைக் கழற்றி வலை அடிக்கவும், கிழக்கே சாய்ப்பை நீட்டவும், முகட்டைப் பிரிக்கவும் சொல்லியிருக்கிறேன். சட்டத்தை மாற்ற இப்போது காசு இல்லை. செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.