தங்கத்தின் அபாயம்: இயல்நிலைப் பரவலா, டி-பரவலா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய்த் தங்கம் இருப்பதாகக் கொள்வோம். விலை அன்றாடம் ஏறி இறங்கும் அளவைச் சொல்லும் தினசரித் திட்ட விலக்கம் 1 சதவீதம். நூறு நாளில் ஒருநாள் மட்டும் நட்டம் தாண்டக்கூடிய அளவு, மணி வடிவ இயல்நிலைப் பரவலின்படி சுமார் 23,300 ரூபாய். டி-பரவல் பெரிய நட்டங்களுக்குக் கூடுதல் வாய்ப்பளிக்கும்; அதாவது அதன் ஓரம், வால், தடித்தது. அந்தத் தடிமனை நிர்ணயிக்கும் எண்ணை 4 என்று வைத்தால், அதன்படி 26,500. பெரிய வித்தியாசமில்லை. ஆயிரம் நாளில் ஒருநாள் என்று கேட்டால்தான் குட்டு உடைகிறது: முன்னது 30,900 என்கிறது, பின்னது 50,700.

2013 ஏப்ரல் 15 அன்று உலகச் சந்தையில் தங்கம் சுமார் 9 சதவீதம் சரிந்தது. பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படியொரு நாள் வராது என்று இயல்நிலைப் பரவல் சாதிக்கும். கொந்தளிப்பான நாட்கள் கொத்தாக வருவதை அது அறியாது. விலை விழுந்ததும் முன்பேர வணிகர்கள் மார்ஜின் எனும் ஈட்டுத்தொகையைக் கூடுதலாகக் கட்ட முடியாமல் விற்பதால் சரிவு இன்னும் ஆழமாகிறது.

என் ஓட்டு டி-பரவலுக்கே. ஆனால் அமைதியான ஓரிரு ஆண்டு விலைகளை மட்டும் வைத்து வாலின் தடிமனுக்கான எண்ணைக் கணித்தால், வால் மெலிந்துதான் தெரியும்.