ஒரே அட்டவணை, இரண்டு பில்: அடுக்குவாரிக் கணக்கும் மொத்தக் கணக்கும்

குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்றின் கட்டணப் பட்டியல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் முதல் 10,000 செய்திகள் வரை ஒன்றுக்கு 20 காசு. 10,001 முதல் 50,000 வரை 16 காசு. அதற்கு மேல் 12 காசு. ஒரு வாடிக்கையாளர் ஒரு மாதத்தில் 60,000 செய்திகள் அனுப்பிவிட்டார். பில் எவ்வளவு?

விற்றவர் 9,600 ரூபாய் என்கிறார். வாங்கியவர் 7,200 ரூபாய் என்கிறார். இருவரும் கால்குலேட்டரில் தவறவில்லை, பட்டியலையும் தவறாகப் படிக்கவில்லை. பட்டியலில் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் 2,400 ரூபாயாக நடுவில் நிற்கிறது.

விற்றவர் போட்டது அடுக்குவாரிக் கணக்கு. பில்லிங் மென்பொருள்கள் இதை கிராஜுவேட்டட் என்கின்றன. ஒவ்வொரு அடுக்கிலும் விழுந்த செய்திகளுக்கு அந்த அடுக்கின் விலை மட்டும்தான். முதல் 10,000 செய்திகளுக்கு 2,000 ரூபாய், அடுத்த 40,000 செய்திகளுக்கு 6,400, கடைசி 10,000 செய்திகளுக்கு 1,200. கூட்டினால் 9,600. வருமான வரியின் ஸ்லாப்பைப் புரிந்துகொண்டவருக்கு இது புதிதல்ல. மேல் ஸ்லாப்புக்குப் போனதால் கீழே உள்ள வருமானத்தின் வரிவிகிதம் மாறுவதில்லை.

வாங்கியவர் போட்டது மொத்தக் கணக்கு, மென்பொருளின் பேச்சில் வால்யூம். மாத முடிவில் மொத்தம் எந்த அடுக்கில் வந்து நிற்கிறதோ, அந்த அடுக்கின் விலை முதல் செய்தியிலிருந்தே எல்லாவற்றுக்கும் பொருந்தும். 60,000 பெருக்கல் 12 காசு, 7,200 ரூபாய். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறவர் நினைப்பதும் இதுதான். ஆயிரம் அடித்தால் ஒன்று இவ்வளவு என்று அச்சகத்தார் சொன்னால், அந்த விலை ஆயிரத்துக்கும் என்றுதானே எவரும் எடுத்துக்கொள்வார்?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பயன்பாடு கூடக்கூட மெல்ல வளர்வதில்லை. எல்லைகளில் மட்டும் குதிக்கிறது. 10,000 வரை இரண்டு பில்லும் ஒன்றே. 10,001-வது செய்தியில் மொத்தக் கணக்கு முந்தைய 10,000 செய்திகளுக்கும் தலா நான்கு காசைத் திருப்பிக் கொடுக்கிறது. வித்தியாசம் 400 ரூபாய். 12,000 ஆனாலும் 45,000 ஆனாலும் அதே 400 தான். 50,000-ஐத் தாண்டியதும் அந்த 50,000 செய்திகளுக்கும் இன்னொரு நான்கு காசு, அதாவது 2,000 ரூபாய் சேர்ந்து, வித்தியாசம் 2,400 ஆகி அப்படியே நின்றுவிடுகிறது. விலை எவ்வளவு இறங்கியதோ அதை எல்லையின் எண்ணால் பெருக்கினால் அந்த எல்லையின் குதிப்பு கிடைத்துவிடும். பில்லில் சர்ச்சை வரும்போது நான் முதலில் போடும் கணக்கு இதுதான். தகராறில் உள்ள தொகை இந்தக் குதிப்புகளில் ஒன்றாகவோ அவற்றின் கூட்டாகவோ இருந்தால், மீட்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கணக்கு முறையில்தான் குழப்பம்.

அடுக்குவாரிக் கணக்கை வரைபடமாகப் போட்டால் சாய்வு மட்டும் குறைந்துகொண்டே ஏறும் கோடு வரும். மொத்தக் கணக்கு ரம்பப் பல்லாக வரும்: ஏறும், எல்லையில் செங்குத்தாக விழும், மீண்டும் ஏறும். அந்த விழுகைதான் தொல்லை. 50,000 செய்திகளுக்கு 8,000 ரூபாய். 50,001 செய்திகளுக்கு 6,000 ரூபாய் 12 காசு. அப்படியானால் 6,000 ரூபாய்க்கு மேல் கட்டும் இரண்டாம் அடுக்குக்காரர்கள் அனைவரும், அதாவது 37,501 முதல் 50,000 வரை அனுப்பியவர்கள் எல்லோரும், தங்களைவிட அதிகம் அனுப்பியவரைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். முதல் எல்லைக்குக் கீழேயும் 8,001 முதல் 10,000 வரை இப்படி ஒரு பகுதி இருக்கிறது. நான் இதை நஷ்டப் பகுதி என்று அழைப்பேன்.

40,000 செய்திகள் அனுப்பிய வாடிக்கையாளரின் பில் 6,400. மாதக் கடைசி நாளில் அவர் தன் சொந்த எண்ணுக்கே 10,001 வெற்றுச் செய்திகளை அனுப்பினால் பில் 6,000 ரூபாய் 12 காசாக இறங்கிவிடும். ஏறக்குறைய 400 ரூபாய் மிச்சம். விற்பவருக்கோ பத்தாயிரம் செய்திகளுக்கான செலவும் கூடி, வருமானமும் குறைகிறது. விவரம் தெரிந்தவர் இதைச் செய்யத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எல்லைக்குச் சற்று மேலே வாடிக்கையாளர்கள் குவிந்தும், சற்றுக் கீழே ஆளே இல்லாமலும் பயன்பாட்டுப் பதிவுகள் காட்டினால், யாரோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

இதைவிட எரிச்சலான ஒன்று திருத்தத்தில் வரும். நான் பில்லிங் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததை இதே எண்களில் சொல்கிறேன். 50,300 செய்திகளுக்கு 6,036 ரூபாய் பில் போயிற்று. அவற்றில் 500 செய்திகள் போய்ச் சேரவே இல்லை என்று வாடிக்கையாளர் புகார் சொன்னார், அது உண்மைதான். நியாயமாக நடப்போம் என்று 500-ஐக் கழித்து மறுகணக்குப் போட்டோம். 49,800 பெருக்கல் 16 காசு, 7,968 ரூபாய். அவருக்குச் சாதகமான திருத்தம் பில்லை 1,932 ரூபாய் ஏற்றிவிட்டது! அடுக்குவாரிக் கணக்கில் இதே திருத்தம் 8,436-ஐ 8,368 ஆக்கி, ஒழுங்காக 68 ரூபாயைக் குறைத்திருக்கும். தாமதமாக வந்து சேரும் பதிவுகள், இருமுறை எண்ணப்பட்டவை, மாத நடுவில் வாடிக்கையாளருக்குத் திரையில் காட்டும் உத்தேசத் தொகை என்று எதை எடுத்தாலும் மொத்தக் கணக்கில் இதே வினைதான். 49,900-இல் 7,984 ரூபாய் என்று காட்டிய திரை மறுநாள் 51,000-இல் 6,120 என்று காட்டும்; பார்ப்பவர் மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்.

இதுவரை பார்த்தது விலை இறங்கும் பட்டியல். விலை ஏறும் பட்டியலில் எல்லாம் தலைகீழாகும். தமிழ்நாட்டில் மின் கட்டணம் கட்டுகிறவர்கள் அதை அனுபவத்தில் அறிவார்கள். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, பிறகு மாற்றப்பட்ட வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் வேறு பட்டியல் வந்துவிடும். அதில் 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டும் 4.50, 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 500-க்கு மேலே போன அந்த ஒரு யூனிட் 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இது இரண்டு முறைகளின் கலப்பு. பட்டியலுக்குள்ளே அடுக்குவாரிக் கணக்கு. ஆனால் எந்தப் பட்டியல் என்பதை மொத்தம் தீர்மானிக்கிறது. 8 ரூபாய் அந்த யூனிட்டுக்கு. மீதி 225 ரூபாய், ஏற்கெனவே எரித்து முடித்த நூறு யூனிட்டுக்குத் தலா 2.25 ஏற்றியதால் வந்தது. ‘500-ஐத் தாண்டிவிடாதே’ என்று வீட்டில் யாராவது மீட்டர் பெட்டியை எட்டிப் பார்ப்பது வீண் பதற்றம் அல்ல. எல்லைக்குக் கீழே இருப்பவருக்கு மட்டும் சலுகை என்று அரசு நினைத்தால் இந்தக் குதிப்பு கொள்கையின் பகுதி. வணிகச் சேவையில் இதே குதிப்பை வைத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்.

மென்பொருளில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு சொல்தான். ஸ்டிரைப் என்ற பில்லிங் சேவையில் மேலே சொன்ன பட்டியலை, தொகைகள் காசில், இப்படிக் கொடுக்கலாம்:

```
billing_scheme=tiered
tiers_mode=graduated
tiers[0][up_to]=10000
tiers[0][unit_amount]=20
tiers[1][up_to]=50000
tiers[1][unit_amount]=16
tiers[2][up_to]=inf
tiers[2][unit_amount]=12
```

இரண்டாம் வரியில் `graduated` என்பதை `volume` என்று மாற்றினால் 9,600 ரூபாய் பில் 7,200 ஆகும். வேறு எதுவும் மாறாது, எந்த எச்சரிக்கையும் வராது. `up_to` அந்த எண்ணையும் உள்ளடக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். 50,000-வது செய்தி இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது. இதை ஒன்று பிசகிப் புரிந்துகொண்டால் அடுக்குவாரிக் கணக்கில் நான்கு காசு தவறும். மொத்தக் கணக்கில் 2,000 ரூபாய் தவறும். அடுக்குக்கு ஒரு நிலைக்கட்டணமும் `flat_amount` என்று வைக்கலாம். ஒவ்வோர் அடுக்குக்கும் 500 ரூபாய் வைத்திருந்தால், மூன்றாம் அடுக்கை எட்டியவரிடம் அடுக்குவாரிக் கணக்கு மூன்று முறை வாங்கும், மொத்தக் கணக்கு ஒரு முறைதான் வாங்கும்.

முதல் அடுக்கைத் தாண்டி முடிந்துபோன பில்லில் எந்த முறை என்று கண்டுபிடிப்பது எளிது. மொத்தத்தைப் பயன்பாட்டால் வகுத்துப் பாருங்கள். விடை பட்டியலில் உள்ள விலைகளில் ஒன்றாகவே வந்தால் மொத்தக் கணக்கு. 9,600-ஐ 60,000-ஆல் வகுத்தால் வரும் 16 காசு போலத் தற்செயலாகவும் பொருந்தலாம் என்பதால், அது மொத்தம் நிற்கும் அடுக்கின் விலைதானா என்பதையும் பாருங்கள். விலைப்பட்டியலின் சொற்களும் காட்டிக்கொடுக்கும். அமேசான் எஸ்3 சேமிப்பகத்தின் பட்டியல் `First 50 TB`, `Next 450 TB`, `Over 500 TB` என்று எழுதுகிறது. நடுவில் ‘அடுத்த’ என்ற சொல் இருப்பதாலேயே அது அடுக்குவாரிக் கணக்கு என்று தெரிந்துவிடுகிறது. ‘50,000-க்கு மேல் 12 காசு’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் அப்படி எந்தத் துப்பும் கிடையாது.

மீட்டர் ஓடும் சேவைக்கு நான் அடுக்குவாரிக் கணக்கைத்தான் வைப்பேன். பில் ஒருபோதும் பின்னோக்கி ஓடாது என்ற ஒரே காரணம் எனக்குப் போதும். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கும் பொருளுக்கு, ஓராண்டுக்கு 80 பேருக்கான உரிமம் என்பது போல, மொத்தக் கணக்கு பொருத்தம். எண்ணிக்கை மாத நடுவில் ஆடாது; விற்பவர் ஒரு விலையைச் சொல்லி முடித்துவிடலாம்.

மீட்டர் சேவைக்கும் மொத்தக் கணக்குதான் வேண்டும் என்று விற்பனைக் குழு பிடிவாதம் பிடித்தால், ஒரு தடுப்பு போடலாம்: எந்த அடுக்கின் பில்லும் அடுத்த அடுக்கின் குறைந்தபட்ச பில்லைத் தாண்டக் கூடாது. நம் பட்டியலில் 37,501 முதல் 50,000 வரை அனுப்பிய எல்லோருக்கும் 6,000 ரூபாய் 12 காசோடு பில் நின்றுவிடும். 500 செய்திகளைக் கழித்தவரின் பில் 6,036-இலிருந்து அந்தத் தொகைக்கு இறங்கும். வெற்றுச் செய்தி அனுப்ப எவருக்கும் காரணம் இருக்காது. ஆனால் ஸ்டிரைப்பின் `tiers_mode` மட்டும் இதைச் செய்து தராது. பில் இறுதியாகும் முன் வித்தியாசத்தைக் கணக்கிட்டுப் பில்லில் ஒரு கழிவாகச் சேர்க்கும் நிரலை நாமே எழுத வேண்டும்.