எழுபத்தைந்து பைசா வட்டியில் வாங்கிய ஸ்கூட்டர்

போன வருடம் ஸ்கூட்டர் வாங்கியபோது ஒரு லட்சம் கடன் தேவைப்பட்டது. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 12.5 சதவீதம் என்றார்கள். ஷோரூமில் உட்கார்ந்திருந்த பைனான்ஸ்காரர், "எதுக்கு சார் அங்கெல்லாம் அலையறீங்க? நம்மகிட்ட 9 சதவீதம்தான். எழுபத்தைந்து பைசா வட்டி" என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடம், மாதம் 3,528 ரூபாய்.

பைசா வட்டி என்றதும் காதுக்குப் பழகிய கணக்காகப் பட்டது. ஊரில் ஒருவரிடம் ஒரு லட்சத்தை ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாதம் ஆயிரம் வட்டி கொடுப்போம். அசல் முழுவதும் கடைசி வரை நம்மிடமே இருக்கும், ஒரு நாள் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்போம். அங்கே முழு லட்சத்துக்கும் வட்டி கேட்பது நியாயம். வண்டிக் கடனில் மாதாமாதம் அசலும் சேர்ந்தே திரும்பிப் போகிறது. ஆனால் பைனான்ஸ்காரர் சொன்ன 9 ஃபிளாட் ரேட், அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் வட்டி. அதில், 36வது மாதம் ஒரே ஒரு தவணைதான் பாக்கி இருக்கும்போதும் ஒரு லட்சத்துக்கான 750 ரூபாய் வட்டி அந்தத் தவணைக்குள் இருக்கிறது. வங்கி சொன்ன 12.5 அப்படியல்ல. அது குறையும் பாக்கிக்கு மட்டும் போடும் ரெட்யூசிங் வட்டி. இரண்டும் வேறு வேறு அளவுகோல் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு வருடம் கழித்துச் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. கடனை முடித்துவிடலாம் என்று போனேன். மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டது, பாக்கி 66,667 இருக்கும் என்பது என் கணக்கு. அவர்கள் காட்டியது ஏறக்குறைய 71,900. முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் தனி. தப்பாக இருக்கிறதே என்று தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். அதில் முதல் மாத வட்டி 1,354 ரூபாய்! 9 சதவீதம் என்றால் 750தானே வரவேண்டும்? 1,354ஐ 12ஆல் பெருக்கினால் 16,248. அதாவது அவர்கள் கணினியிலேயே என் கடன் பதினாறே கால் சதவீதக் கடனாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 9 என்பது வாயால் சொன்ன எண்.

நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே இந்த அட்டவணையைக் கேளுங்கள். முதல் தவணைத் தேதி தள்ளிப் போயிருந்தால் முதல் வரி சற்று மாறும். அப்போது இரண்டாம் வரியின் வட்டியை 12ஆல் பெருக்கி, அந்த வரியின் தொடக்கப் பாக்கியால் வகுத்துப் பாருங்கள். அட்டவணை தர மறுத்தால், தவணைத் தொகை மட்டும் தெரிந்தாலே போதும். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதை அடியுங்கள்:

```
=RATE(36,-3528,100000)*12
=RATE(36,-3528,97500)*12
```

முதல் வரி 16.25 சதவீதம் தரும். விடை வெறும் 0 என்று தெரிந்தால், அந்தக் கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது வரி எதற்கு என்றால், என்னிடம் பிராசஸிங், டாக்குமெண்ட் என்று 2,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். நான் உண்மையில் வாங்கிய கடன் 97,500தான். அப்படிப் பார்த்தால் வட்டி 18 சதவீதத்துக்குச் சற்று மேல் போகிறது.

வங்கியின் 12.5க்கு அதே 36 மாதம் போட்டால் தவணை 3,345 ரூபாய், மொத்த வட்டி சுமார் 20,400. ஃபிளாட் கணக்கில் சொன்னால் அது 6.8 சதவீதம்தான். நான் எடுத்த கடனுக்கு வட்டி 27,000. வங்கி கேட்ட ஆயிரம் ரூபாய் கட்டணத்தையும் இவர்கள் பிடித்த 2,500ஐயும் சேர்த்துப் பார்த்தால், மூன்று வருடத்தில் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம். மாதத் தவணையில் 183 ரூபாய்தான் என்பதால் கண்ணில் படவில்லை.

இன்னொரு வெட்கக்கேடு. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் இத்தகைய கடன்களுக்கெல்லாம், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியைப் போட்டு முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நமக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பதும் அதில் உண்டு. ஏ.பி.ஆர். என்று அதில் இருக்கும் எண்தான் ஒப்பிட வேண்டிய எண். எனக்கும் வந்திருந்தது, மின்னஞ்சலில், ஒரு பி.டி.எஃப்புக்குள். 18.06 என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஒரு வருடம் அதைத் திறக்கவில்லை.

போன மாதம் மச்சானுக்கு வண்டி எடுக்க அவனோடு வேறொரு ஷோரூமுக்குப் போனேன். அங்கேயும் ஃபிளாட் 9தான். "இது ரெட்யூசிங்கில் எவ்வளவு?" என்று கேட்டேன். நேரடி பதில் இல்லை. "சார், தவணை ஜாஸ்தின்னா நாலு வருஷமாப் போட்டுக்கலாம், 2,833தான் வரும்" என்றார். தவணை குறைவுதான், ஆனால் லட்சத்துக்கு வட்டி 36,000. மச்சான் என்னைப் பார்த்தான். நாங்கள் ஏ.பி.ஆர். எழுதிய தாளைக் கேட்டோம். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.