இன்டர்வியூல ஒரு பதில் சொதப்பிடுச்சு: மெயில் போடலாமா, சும்மா இருக்கலாமா?

மொத்தத்துல நல்லா போன இன்டர்வியூ, ஆனா ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சரியில்லன்னு தோணுதுன்னு வைங்க. இதுக்கு மூணு வழி இருக்கு. சும்மா விட்டுடறது, எப்படியும் அனுப்பப்போற நன்றி மெயில்லயே ரெண்டு வரி சேக்கறது, இல்லன்னா அந்தப் பதிலுக்காகவே தனியா ஒரு விளக்க மெயில் போடறது.

எதைத் தேர்ந்தெடுக்கறதுங்கறது பதில் எப்படி சொதப்புச்சுங்கறதைப் பொறுத்தது. தப்பான தகவலை அடிச்சு சொல்லிட்டீங்களா, இல்ல சரியான விஷயத்தையே திக்கித் திணறி சொன்னீங்களா? ரெண்டாவதுன்னா சும்மா இருக்கறதுதான் பெஸ்ட். ஏன்னா நமக்கு பயங்கரமா தெரியற தடுமாற்றம் எதிர்ல இருக்கறவர் நோட்ஸ்ல ஒரு வரியாக்கூட வந்திருக்காது, மெயில் போட்டா நாமளே அதைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். "கஷ்டமான டீம்மேட்டை எப்படி ஹேண்டில் பண்ணீங்க" மாதிரி கேள்விக்கு நைட்டு படுக்கும்போது இதைவிட நல்ல கதை ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும், அதை அனுப்ப வேண்டாம், அடுத்த ரவுண்டுக்கு வச்சுக்கோங்க.

தகவலே தப்புன்னா கதை வேற. டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான இன்டர்வியூ ஒன்னை எடுத்துக்குவோம். கேள்வி: எல்லா கஸ்டமரும் லிஸ்ட்ல வரணும், பணம் கட்டின ஆர்டர் இருந்தா அதுவும் பக்கத்துல வரணும். கேண்டிடேட் SQL-ல இப்படி ஒரு க்வெரி எழுதிட்டு, எல்லா கஸ்டமரும் வந்துடுவாங்கன்னு சொல்லிட்டார்:

```sql
SELECT c.name, o.id
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.status = 'paid'
```

வரமாட்டாங்க. ஆர்டரே இல்லாத கஸ்டமருக்கு `o.status` NULL-ஆ, அதாவது காலியா இருக்கும், `WHERE` அந்த வரியைத் தூக்கிடும், எல்லா கஸ்டமரையும் விடாம எடுக்கறதுக்காக லெஃப்ட் ஜாயின் போட்டதே வேஸ்ட். கண்டிஷன் `ON`-ல இருக்கணும். தினமும் க்வெரி எழுதற வேலைக்கு இது சின்ன தப்பு இல்ல, கேட்டவர் கண்டிப்பா நோட் பண்ணியிருப்பார். இங்க சும்மா இருந்தா "இவருக்கு இது தெரியாது"ன்னே நிக்கும். அதனால நான் நன்றி மெயில் வழியைத்தான் சொல்வேன், இந்த மாதிரி:

"இன்னைக்கு நேரம் ஒதுக்கி பேசினதுக்கு நன்றி, டீம் எப்படி ரிப்போர்ட் ரெடி பண்றாங்கன்னு நீங்க சொன்னது ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துச்சு. ஒரு திருத்தம்: ஜாயின் கேள்வியில ஸ்டேட்டஸ் கண்டிஷனை `WHERE`-ல போட்டேன், அப்படி போட்டா ஆர்டர் இல்லாத கஸ்டமர்கள் விட்டுப்போயிடுவாங்க. அதை `ON`-ல சேக்கணும்: `AND o.status = 'paid'`."

அவ்வளவுதான். மன்னிப்பு வேண்டாம், டென்ஷன்ல இருந்தேன்ங்கற காரணமும் வேண்டாம். என்ன தப்பு, அதனால என்ன ஆகும், சரியானது எது, இந்த மூணும் இருந்தா போதும். நடுவுல இருக்கற "என்ன ஆகும்"தான் முக்கியம், சரியான விடையை யார் வேணா தேடி எடுத்துடலாம், விளைவைச் சொல்லும்போதுதான் புரிஞ்சு எழுதியிருக்கார்னு தெரியும்.

தனி மெயில் எனக்கு அவ்வளவா பிடிக்காது. சப்ஜெக்ட் லைன்லயே "என் பதிலுக்கான விளக்கம்"னு இருந்தா மொத்த இன்டர்வியூவும் அந்த ஒரு பதிலா சுருங்கிடும், அதுவும் தனியா உக்காந்து எழுதும்போது நாலு பாரா ஆகாம நிக்காது. நன்றி மெயில் ஏற்கனவே போயிட்டு அப்புறம்தான் தப்பு தெரிஞ்சுதுன்னா வேற வழியில்ல, அதே த்ரெட்ல ரிப்ளையா மூணு வரி போட்டு நிறுத்திக்கலாம். அனுபவம் பத்தியோ, எப்போ ஜாயின் பண்ண முடியும்ங்கறது பத்தியோ தப்பா சொல்லிட்டீங்கன்னா மட்டும் தனி மெயில் சரிதான், ஏன்னா அது அவங்க ரெக்கார்ட்ல திருத்த வேண்டிய தகவல்.

நேரம் பத்தி ஒன்னு. நிறைய இடத்துல இன்டர்வியூ எடுத்தவர் அன்னைக்கோ மறுநாளோ ஃபீட்பேக்கை எழுதி முடிச்சிடுவார், அதனால முடிஞ்சா அதே நாள், இல்லன்னா 24 மணி நேரத்துக்குள்ள போகணும். நாலு நாள் கழிச்சு வர்ற திருத்தம் பெரும்பாலும் முடிவான பிறகுதான் போய்ச் சேரும். இன்டர்வியூ எடுத்தவர் மெயில் ஐடி கொடுக்கலன்னா லிங்க்ட்இன்ல தேடிப் பிடிக்க வேண்டாம், ரெக்ரூட்டருக்கு அனுப்பி அவர்கிட்ட ஃபார்வர்ட் பண்ணச் சொல்லுங்க.

அப்புறம் லைவ் கோடிங்ல முடிக்காம விட்ட ப்ரோக்ராமை வீட்டுல உக்காந்து முடிச்சு அனுப்பலாமான்னு சிலர் கேக்கறாங்க. அதுல பெருசா பலன் இருக்காது, அவங்க பார்த்தது அந்த நேரத்துக்குள்ள எப்படி யோசிச்சீங்கங்கறதை. எங்க மாட்டுச்சுன்னு ஒரு வரி சொன்னா போதும், மொத்த கோடையும் அட்டாச் பண்ணாதீங்க. தப்பான பதில்கள் மூணு நாலு இருந்தாலும் இதே கதைதான், வேலைக்கு ரொம்ப முக்கியமான ஒன்னை மட்டும் திருத்துங்க.